பயிலரங்கின் தொடக்கவுரை: ஸ்கிரீன்ஷாட்டிலிருந்து குறுவழிகாட்டி

குறுவழிகாட்டி என்பது, கணினியில் செய்ய வேண்டிய ஒரே ஒரு செயலை மாணவர் ஆசிரியரின் துணையின்றித் தொடங்கி முடிக்க உதவும் ஒரு பக்கத் தாள். பாடக்குறிப்பு ஆசிரியருக்காக எழுதப்படுவது. குறுவழிகாட்டி மாணவரின் கையில் இருப்பது. அதில் சில படிகளும், திரையிலிருந்து எடுத்த சில படங்களும், வேலை சரியாக முடிந்ததா என்று மாணவரே பார்த்துக்கொள்ள ஒரு சோதனையும் இருக்கும். தமிழ்நாட்டு ஆசிரியர்களுக்கு இந்த வடிவம் புதிதன்று. 2018 முதல் வந்த பள்ளிப் பாடநூல்களில் ‘இணையச் செயல்பாடு’ என்ற தலைப்பில் படி 1, படி 2 என்று படங்களுடன் வரும் பக்கங்கள் இதே வகையைச் சேர்ந்தவை. ஆனால் பாடநூல் எல்லாப் பள்ளிகளுக்கும் பொதுவானது. தம் பள்ளி ஆய்வகத்தில் எந்த மென்பொருளின் எந்தப் பதிப்பு இருக்கிறது, தம் மாணவர்கள் எந்த இடத்தில் நின்றுவிடுகிறார்கள் என்பவை வகுப்பாசிரியருக்கு மட்டுமே தெரியும். அந்த அறிவைத் தாளாக மாற்றும் பயிலரங்கைத் தொடங்கிவைக்கும் உரையை எப்படி அமைப்பது என்பதை இந்த இயல் விளக்குகிறது.

உரையின் அளவும் அடுக்கும்

தமிழ்த்தாய் வாழ்த்து, வரவேற்புரை, தலைமையுரை ஆகியவை முடிந்த பின்பே கருத்தாளரின் தொடக்கவுரை வரும். அதற்குள் பங்கேற்பாளர்கள் கணிசமான நேரம் உட்கார்ந்து கேட்டிருப்பார்கள். எனவே உரை 15 நிமிடத்திற்குள் முடிவது நல்லது. அதிலும் ஏறத்தாழ 3 நிமிடம் பங்கேற்பாளர்களின் கைகள் வேலை செய்யும் நேரமாக இருக்க வேண்டும்.

உரையை ஐந்து பகுதிகளாக அடுக்கலாம். முதலில், அன்று மாலை ஒவ்வொருவர் கையிலும் என்ன இருக்கும் என்ற அறிவிப்பு. இரண்டாவதாக, சரியாக அமையாத ஒரு வழிகாட்டியைப் பங்கேற்பாளர்களே பயன்படுத்திப் பார்ப்பது. மூன்றாவதாக, அதே வழிகாட்டியை எல்லோர் கண்முன்னும் திருத்துவது. உரையின் பெரும்பகுதி இதற்கே செல்லும். நான்காவதாக, படத்தில் இருக்கக் கூடாதவை பற்றிய எச்சரிக்கை. ஐந்தாவதாக, முதல் பணி. ஸ்கிரீன்ஷாட் எடுக்கும் விசைகளை உரையில் விளக்க வேண்டியதில்லை. அவை மேசையில் வைக்கும் சிறு தாளில் இருந்தால் போதும். பயன்படுத்திப் பார்த்தால்தான் விசைகள் நினைவில் நிற்கும். எந்தத் திரையைப் படமெடுப்பது என்ற தீர்மானத்தைத்தான் ஒருவர் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கிறது.

முதல் பகுதி: மாலையில் கையில் இருக்கப்போவது

வணக்கம் சொன்னதும் உரை நேரே வேலைக்கு வர வேண்டும். தொழில்நுட்பத்தின் வளர்ச்சி, மாறிவரும் கற்பித்தல் முறை போன்ற பொது முன்னுரைகளைத் தலைமையுரை பெரும்பாலும் சொல்லி முடித்திருக்கும். கருத்தாளர் இப்படித் தொடங்கலாம்:

“ஆசிரியப் பெருமக்கள் அனைவருக்கும் வணக்கம். இன்று மாலை நீங்கள் வீட்டுக்குக் கிளம்பும்போது, உங்கள் வகுப்பில் நாளைக்கே கொடுக்கக்கூடிய ஒரு பக்க வழிகாட்டி ஒன்று உங்கள் கையில் இருக்கும். அதை உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருப்பவர் செய்து பார்த்து, எங்கே தடுக்குகிறது என்று சொல்லியிருப்பார். நீங்கள் அதைத் திருத்தியும் இருப்பீர்கள். ஒரு வழிகாட்டி, ஒரு செயல், ஒரு பக்கம், இன்றைக்கு அவ்வளவுதான்.”

இந்த அறிவிப்பில் மூன்று வரையறைகள் இருக்கின்றன. ஒரு செயல் என்பது ‘ஜியோஜீப்ரா அறிமுகம்’ போன்ற பரந்த தலைப்பை விலக்கிவிடுகிறது. ஒரு பக்கம் என்பது, கணினிக்கு அருகே வைத்துப் பக்கம் புரட்டாமல் பார்க்கும் வசதியைக் குறிக்கிறது. பக்கத்தில் இருப்பவர் செய்து பார்ப்பது என்பது, வழிகாட்டி எழுதியவரின் திருப்தியோடு வேலை முடியவில்லை என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறது.

இரண்டாம் பகுதி: பதினெட்டுப் படங்கள் கொண்ட தாள்

அடுத்து, முன்பே அச்சிட்ட ஒரு வழிகாட்டியை எல்லோருக்கும் கொடுக்க வேண்டும். இங்கே எடுத்துக்காட்டாகக் கொள்வது ஒன்பதாம் வகுப்புக் கணிதத்தில் வரும் முக்கோணத்தின் சுற்றுவட்டம் வரைதல். அளவுகோலும் கவராயமும் கொண்டு வரையும் இதே வரைதலை `GeoGebra Classic 5` மென்பொருளில் செய்ய வேண்டும். ஆஸ்திரியாவின் சால்ஸ்பர்க் பல்கலைக்கழகத்தில் மார்கஸ் ஹோஹன்வார்ட்டர் தொடங்கிய இந்த மென்பொருளைக் கணினியில் நிறுவிவிட்டால் இணையம் இல்லாமலும் இயங்கும். பள்ளி ஆய்வகத்துக்கு அது வசதி.

செயல் எளியதுதான். `Polygon` கருவியால் ABC என்ற முக்கோணம் வரைய வேண்டும். `Perpendicular Bisector` கருவியால் இரண்டு பக்கங்களுக்கு மையக்குத்துக்கோடுகள் வரைய வேண்டும். `Intersect` கருவியால் அவை வெட்டும் புள்ளி D-ஐக் குறிக்க வேண்டும். `Circle with Center through Point` கருவியால் D-ஐ மையமாகக் கொண்டு A வழியே வட்டம் வரைய வேண்டும். ஒவ்வொரு கருவியையும் எடுக்கப் பெட்டியைத் திறப்பது ஒரு சொடுக்கு, கருவியைத் தேர்வது ஒரு சொடுக்கு என்று கொண்டால் நான்கு கருவிகளுக்கு 8 சொடுக்குகள். முக்கோணத்துக்கு 4, மற்ற மூன்று கருவிகளுக்குத் தலா 2 என்று இன்னும் 10. மொத்தம் 18.

பங்கேற்பாளர்களுக்குக் கொடுக்கும் முதல் தாளில் இந்த 18 சொடுக்குகளுக்கும் 18 முழுத்திரைப் படங்கள் இருக்கும். புதிதாக வழிகாட்டி செய்பவர்கள் பெரும்பாலும் இப்படித்தான் தொடங்குகிறார்கள்; எதையும் விட்டுவிடக் கூடாது என்ற நல்லெண்ணமே அதற்குக் காரணம். அந்தத் தாளைப் பார்த்து வரையும்படி 3 நிமிடம் கொடுத்துவிட்டு, கருத்தாளர் பேசாமல் வரிசைகளுக்கு நடுவே நடந்து பார்க்க வேண்டும். ஒவ்வொரு படமும் அடுத்த படத்தைப் போலவே இருப்பதால் எந்தப் படத்தில் நிற்கிறோம் என்பது பலருக்குத் தவறிப்போகும். சிலர் ஐந்தாறு படங்களைத் தாண்டித் தாமாகவே முயன்று பார்ப்பார்கள். சிலருக்கு முக்கோணமே உருவாகியிருக்காது.

3 நிமிடம் முடிந்ததும் கருத்தாளர் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றே: “எந்த இடத்தில் நின்றீர்கள்?” பதில்களைக் கரும்பலகையில் எழுதிவைக்க வேண்டும். அவை பெரும்பாலும் மூன்று நான்கு இடங்களையே திரும்பத் திரும்பச் சுட்டும். உரையின் அடுத்த பகுதி அந்தப் பட்டியலிலிருந்தே தொடங்கும்.

இந்தத் தடுமாற்றத்துக்குக் காரணம் பங்கேற்பாளர்களின் கவனக்குறைவு அன்று என்பதை உரையில் சொல்லியாக வேண்டும். பால் சாண்ட்லரும் ஜான் ஸ்வெல்லரும் 1992-இல் வெளியிட்ட ஆய்வில், ஒன்றையொன்று சேர்த்துப் பார்த்தால்தான் புரியும் படமும் விளக்கமும் தனித்தனி இடங்களில் இருந்தால், கற்பவரின் கவனம் இரண்டுக்கும் இடையே பிளவுபட்டுக் கற்றல் கடினமாகிறது என்று காட்டினார்கள். 18 படத் தாளில் கண் மூன்று இடங்களுக்கு ஓடுகிறது: எழுதிய வரி, தாளிலுள்ள படம், எதிரே உள்ள திரை. படங்கள் கூடக்கூட இந்த ஓட்டமும் கூடுகிறது. அதற்கும் முன்பு, 1980-களில் ஐபிஎம் ஆய்வகத்தில் ஜான் கேரல், கணினி கற்பவர்கள் கையேட்டை முதலிலிருந்து கடைசி வரை படிப்பதில்லை, பாதியிலேயே தாமாகச் செய்து பார்க்கப் பாய்கிறார்கள் என்பதைக் கவனித்தார். அந்த இயல்பைத் தடுக்காமல், அதற்கு ஏற்றபடி கையேட்டைச் சுருக்கி, தவறு நேர்ந்தால் மீளும் வழியை அதில் சேர்க்க வேண்டும் என்பது அவர் கண்ட தீர்வு. ஒரு பக்கத் தாள் என்ற எண்ணத்துக்கு இந்த இரண்டு செய்திகளும் போதுமான அடிப்படை. இதற்குமேல் கோட்பாடு தொடக்கவுரையில் வேண்டியதில்லை.

மூன்றாம் பகுதி: படம் எங்கே வேண்டும்

திருத்தத்தின் விதியை ஒரே வாக்கியத்தில் சொல்லிவிடலாம்: மாணவர் தேட வேண்டிய இடத்திலும், சரிபார்க்க வேண்டிய இடத்திலும் மட்டுமே படம், மற்றதெல்லாம் சொல். கருத்தாளர் முதலில் எல்லாப் படங்களையும் நீக்கிவிட்டு, படிகளை எழுத்தில் மட்டும் திரையில் காட்ட வேண்டும். பின்பு ஒவ்வொரு படியையும் வாசித்து, “இதைப் படித்த மாணவரால் படம் இல்லாமல் செய்ய முடியுமா?” என்று கேட்க வேண்டும். முடியும் என்றால் அங்கே படம் வேண்டாம். சுற்றுவட்ட வழிகாட்டியில் இந்தச் சோதனைக்குப் பின் நான்கு படங்கள் நிற்கும்.

முதல் படம் முக்கோணம் மூடும் இடம். `Polygon` கருவியில் A, B, C ஆகிய மூன்று புள்ளிகளைச் சொடுக்கினால் முக்கோணம் முடிவதில்லை. மீண்டும் A-வின்மீது சொடுக்கினால்தான் அது மூடும். தாளில் வரைந்து பழகிய மாணவர் மூன்றாவது புள்ளியோடு நிறுத்திவிடுவார். ஆகவே சுட்டி மீண்டும் A-வின்மீது இருக்கும் நிலையைப் படமாக எடுக்க வேண்டும். முதல் மூன்று சொடுக்குகளுக்குப் படம் தேவையில்லை.

இரண்டாம் படம் மறைந்திருக்கும் கருவி. `Perpendicular Bisector` திரையில் நேரடியாகத் தெரிவதில்லை. கருவிப்பட்டையில் இடமிருந்து நான்காவது பெட்டிக்குள் இருக்கிறது. பெட்டியின் கீழ் வலது மூலையில் உள்ள சிறு முக்கோணக் குறியைச் சொடுக்கினால்தான் பட்டியல் விரியும். விரிந்த பட்டியலைப் படமெடுப்பதில் ஒரு சிக்கல் உண்டு. `Windows + Shift + S` அழுத்தியதும் சில மென்பொருள்களில் பட்டியல் மூடிக்கொள்ளும். அப்போது `Snipping Tool` செயலியைத் திறந்து, தாமதத்தை 5 விநாடி என்று வைத்துவிட்டு, அந்த இடைவெளியில் பட்டியலை விரித்து வைக்க வேண்டும். உரையில் இதை ஒருமுறை செய்து காட்டினால் போதும்.

மூன்றாம் படம் இரண்டு மையக்குத்துக்கோடுகளும் வெட்டிக்கொள்ளும் நிலை. இது சரிபார்ப்புப் படம். மாணவரின் திரை இப்படி இருந்தால் மேலே போகலாம். பக்கத்தின் மையப்புள்ளி வழியே கோடு செங்குத்தாகச் செல்லவில்லை என்றால் வேறு கருவியை எடுத்திருக்கிறார் என்று பொருள். `Ctrl + Z` அழுத்திப் பின்னுக்கு வரலாம். படத்தின் கீழேயே இந்த மீளும் வழியை ஒரு வரியில் எழுதிவிட வேண்டும்.

நான்காம் படம் முடிந்த வரைபடம். இந்த இடத்தில்தான் கண்ணுக்குத் தெரியாத பிழை நேர்கிறது. வட்டம் வரையும்போது A-வின்மீது சொடுக்காமல் அதற்குச் சற்று அருகே சொடுக்கினால், ஜியோஜீப்ரா அங்கே புதிய புள்ளி ஒன்றை உருவாக்கி அதன் வழியே வட்டத்தை வரைந்துவிடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும். வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஒரு சோதனை உண்டு: `Esc` விசையை அழுத்தி நகர்த்தும் கருவிக்கு வந்து, A-ஐப் பிடித்து இழுக்க வேண்டும். வரைதல் சரியென்றால் முக்கோணம் எப்படி மாறினாலும் வட்டம் மூன்று உச்சிகள் வழியாகவே செல்லும். தவறு என்றால் வட்டம் உச்சிகளை விட்டு விலகிவிடும்.

பாடமும் இந்தச் சோதனையிலேயே இருக்கிறது. A-ஐ இழுக்கும்போது குறுங்கோண முக்கோணத்தில் D உள்ளே இருக்கும். செங்கோண முக்கோணமானால் கர்ணத்தின் மையப்புள்ளியில் வந்து நிற்கும். விரிகோணமானால் வெளியே போய்விடும். தாளில் இதைக் காட்ட மூன்று தனி வரைபடங்கள் வரைய வேண்டும். இங்கே ஒரே இழுப்பில் தெரிகிறது. வழிகாட்டியின் கடைசி வரி இந்தக் கேள்வியாக அமையலாம்: “D எப்போது முக்கோணத்துக்கு வெளியே போகிறது?” கருத்தாளர் இதைப் பங்கேற்பாளர்கள் முன் இழுத்துக் காட்டி, “வழிகாட்டி கருவியைக் கற்றுத்தருவதோடு நின்றால் பாதி வேலைதான். கடைசி வரி மாணவரைக் கணக்குக்குத் திரும்பக் கொண்டுவர வேண்டும்” என்று சொல்லலாம்.

திருத்திய வழிகாட்டி எழுத்தில் இவ்வாறு அமையும்:

1. `Polygon` கருவியை எடுத்து A, B, C என்று மூன்று இடங்களில் சொடுக்குக. மீண்டும் A-வின்மீது சொடுக்குக. (படம் 1)
2. நான்காவது பெட்டியை விரித்து `Perpendicular Bisector` எடுக்க. (படம் 2) AB பக்கத்தையும் BC பக்கத்தையும் சொடுக்குக. உங்கள் திரை படம் 3 போல் இருக்கிறதா? இல்லையென்றால் `Ctrl + Z`.
3. இரண்டாவது பெட்டியில் `Intersect` எடுத்து இரண்டு கோடுகளையும் சொடுக்குக. D என்ற புள்ளி தோன்றும்.
4. ஆறாவது பெட்டியில் `Circle with Center through Point` எடுத்து முதலில் D, பிறகு A-வின்மீது சரியாகச் சொடுக்குக. (படம் 4)
5. சோதனை: `Esc` அழுத்தி A-ஐ இழுக்க. வட்டம் மூன்று உச்சிகளையும் விடாமல் செல்ல வேண்டும்.
6. D எப்போது முக்கோணத்துக்கு வெளியே போகிறது?

18 படத் தாளையும் இந்தத் தாளையும் அருகருகே திரையில் காட்டி, கரும்பலகையில் எழுதிய தடுமாறிய இடங்களுக்கும் இந்த நான்கு படங்களுக்கும் உள்ள பொருத்தத்தைப் பங்கேற்பாளர்களே சொல்லும்படி விட வேண்டும். பட்டியலில் இருந்து தாளில் இல்லாத இடம் ஏதேனும் இருந்தால், அங்கேயே ஒரு வரி சேர்த்துக்கொள்ளலாம்.

படத்தின் அளவு: முழுத்திரை ஏன் கூடாது

மூன்றாம் பகுதியின் இறுதியில் ஓர் எளிய கணக்கைச் சொன்னால், படத்தைக் கத்தரிக்க வேண்டிய தேவை தானே விளங்கும். பள்ளி மடிக்கணினிகள் பலவற்றின் திரை 1366 புள்ளி அகலம் கொண்டது. ஏ4 தாளில் ஓரங்கள் போக ஏறத்தாழ 16 செ.மீ. அகலம் கிடைக்கும், அதாவது சுமார் 6.3 அங்குலம். முழுத்திரைப் படத்தை அந்த அகலத்துக்குள் அடக்கினால் ஓர் அங்குலத்தில் ஏறத்தாழ 217 திரைப்புள்ளிகள் வரும். திரையில் 12 புள்ளி உயரம் உள்ள மெனு எழுத்து, தாளில் சுமார் 4 பாயின்ட் அளவுக்குச் சுருங்கிவிடும். நகலெடுத்தால் அது வாசிக்க முடியாத கறையாக மாறும்.

தேவையான பகுதியை மட்டும் 500 புள்ளி அகலத்தில் கத்தரித்து, அதை 12 செ.மீ. அகலத்தில் அச்சிட்டால் அதே எழுத்து ஏறத்தாழ 8 பாயின்ட் ஆகும். வாசிக்க அது போதும். ஆனால் மிகவும் நெருக்கமாகக் கத்தரிப்பதும் தவறு. கருவியின் சின்னத்தை மட்டும் வெட்டி வைத்தால், அது திரையின் எந்த மூலையில் இருக்கிறது என்று மாணவருக்குத் தெரியாது. கருவிப்பட்டையின் இடது விளிம்பு படத்தில் தெரியும்படி விட்டால், நான்காவது பெட்டி என்பதை எண்ணிக் கண்டுகொள்ளலாம்.

குறியிடுவதிலும் அச்சை நினைவில் வைக்க வேண்டும். திரையில் பளிச்சென்று தெரியும் சிவப்பு அம்பு, கறுப்பு வெள்ளை நகலில் சாம்பலாகிப் பின்னணியோடு கலந்துவிடும். தடித்த கட்டமும், அதன் அருகே வெள்ளைப் பின்னணியில் கறுப்பு எண்ணும் நகலிலும் நிற்கும். ஒரு படத்தில் ஒரு கட்டம் போதும். இரண்டு தேவைப்பட்டால் அது இரண்டு படிகளாகப் பிரிக்க வேண்டிய இடம் என்று கொள்ளலாம்.

கோப்பைப் பகிர்வதற்கும் ஒரு குறிப்பு சேர்க்க வேண்டும். ஸ்கிரீன்ஷாட்டுகளை `PNG` வடிவில் சேமித்தால் எழுத்துகளின் விளிம்பு கூர்மையாக இருக்கும். அதையே வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் செயலி அதைச் சுருக்கிவிடும். ஆவணமாக அனுப்பினால் தரம் குறையாது.

நான்காம் பகுதி: படத்தில் இருக்கக் கூடாதவை

கணித வரைதலில் இந்தச் சிக்கல் பெரிதாக எழாது. ஆனால் வருகைப் பதிவு, மதிப்பெண் பட்டியல், எமிஸ் தளம் ஆகியவற்றுக்கு வழிகாட்டி செய்ய விரும்பும் ஆசிரியர்களும் பயிலரங்கில் இருப்பார்கள். அவர்கள் எடுக்கும் ஒரே படத்தில் ஒரு வகுப்பு முழுவதன் பெயரும் கைபேசி எண்ணும் வந்துவிடலாம். இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு மின்னணுத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிறையாதவர்களைக் குழந்தைகளாகக் கருதி, அவர்களின் தரவைக் கையாளப் பெற்றோரின் ஒப்புதல் தேவை என்கிறது. எனவே உரையில் சொல்ல வேண்டிய முதல் விதி, உண்மையான பதிவைத் திறந்து படமெடுக்கக் கூடாது என்பதே. கற்பனைப் பெயர்கள் கொண்ட ஒரு பட்டியலைத் தாமே தட்டச்சு செய்து, அதிலிருந்து படமெடுக்கலாம்.

அது முடியாத இடத்தில் மறைக்க வேண்டும். பலரும் செய்யும் மறைப்பு முறைகள் சில உண்மையில் மறைப்பதில்லை. அவற்றை உரையிலேயே காட்டிவிடுவது நல்லது. கைபேசியில் உள்ள ஒளிபுகும் தூரிகையால் பெயரின்மீது பூசினால், படத்தின் வெளிச்சத்தைக் கூட்டிப் பார்ப்பவருக்கு எழுத்து தெரிந்துவிடலாம். எழுத்தைச் சதுரங்களாகச் சிதைப்பதும் உறுதியானதன்று. வேர்டில் ஒரு படத்தைக் கத்தரித்தால் கத்தரித்த பகுதி கோப்புக்குள்ளேயே இருக்கும். கோப்பைப் பெறுபவர் அதை மீட்டுவிட முடியும். `Compress Pictures` பகுதியில் `Delete cropped areas of pictures` என்பதைத் தேர்ந்தால்தான் அது நீங்கும். விண்டோஸ் 11-இன் `Snipping Tool` செயலியிலேயே இத்தகைய குறை இருந்தது 2023 மார்ச்சில் வெளிவந்தது: கத்தரித்த படத்தை அதே பெயரில் மீண்டும் சேமித்தால், நீக்கிய பகுதியின் தரவு கோப்பின் கடைசியில் தங்கியிருந்தது. புதுப்பிப்பில் அது சரிசெய்யப்பட்டது; அதற்கு முன் உருவான கோப்புகளில் அந்தத் தரவு இன்னும் இருக்கலாம்.

நம்பத்தக்க முறை இது: மறைக்க வேண்டிய இடத்தின்மீது ஒளிபுகாத கறுப்புக் கட்டம் வைத்து, அந்தத் திரையையே மீண்டும் ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து, புதிய படத்தை மட்டும் பயன்படுத்த வேண்டும். புதிய படத்தில் கட்டத்துக்கு அடியில் எதுவும் இல்லை.

ஐந்தாம் பகுதி: முதல் பணி

உரை நன்றியுரையாக முடியக் கூடாது. பணியாக முடிய வேண்டும். கருத்தாளர் சொல்லக்கூடியது:

“இப்போது ஒவ்வொருவரும் ஒரு தாளை எடுத்துக்கொள்ளுங்கள். உங்கள் வகுப்பில் கணினியில் மாணவர்கள் செய்யும் ஒரே ஒரு செயலை அதன் தலைப்பில் எழுதுங்கள். அதன் படிகளைப் படம் இல்லாமல் ஆறு வரிக்குள் எழுதுங்கள். மாணவர் எந்த வரியில் நின்றுவிடுவார் என்று உங்களுக்குத் தோன்றுகிறதோ, அந்த வரியின் ஓரத்தில் ஒரு நட்சத்திரக் குறி போடுங்கள். பத்து நிமிடம். அதன் பிறகு அந்த நட்சத்திரம் உள்ள வரிக்குத்தான் முதல் ஸ்கிரீன்ஷாட் எடுக்கப்போகிறோம்.”

இந்தப் பணியின் வரிசை முக்கியம். படமெடுப்பதில் தொடங்கினால் படங்களைச் சுற்றி வாக்கியங்கள் எழுதப்படும். 18 படத் தாள் திரும்ப வந்துவிடும். ஆறு வரிக்குள் அடங்காத செயல் என்றால், அதை இரண்டு வழிகாட்டிகளாகப் பிரிக்கலாம் என்ற குறிப்பையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

உரைக்கு முன் சரிபார்க்க வேண்டியவை

செய்து காட்டும் உரை சிறு காரணங்களால் நின்றுவிடக்கூடும். பயிலரங்கு நடக்கும் கணினிகளில் உள்ள ஜியோஜீப்ராவின் பதிப்பும், கருத்தாளரின் தாளிலுள்ள படங்களும் ஒன்றாக இருக்கின்றனவா என்று முந்தைய நாளே பார்க்க வேண்டும். பதிப்பு மாறினால் கருவிப்பட்டையின் தோற்றமும் கருவிகளின் பெயர்களும் மாறலாம். ஒவ்வொரு வழிகாட்டியின் அடியிலும் மென்பொருளின் பதிப்பையும் தாள் தயாரித்த மாதத்தையும் எழுதுவதற்குக் காரணமும் இதுவே. தாள் பழையதாகிவிட்டதை அடுத்து எடுப்பவர் உடனே அறிவார்.

கருத்தாளர் தம் சொந்த மடிக்கணினியைத் திரையோடு இணைப்பதானால், வாட்ஸ்அப் உள்ளிட்ட அறிவிப்புகளை நிறுத்திவிட வேண்டும். தனிச் செய்திகள் திரையில் தோன்றினால் நான்காம் பகுதியின் அறிவுரை அங்கேயே வலுவிழந்துவிடும்.

மேசைத் தாளில் இருக்க வேண்டிய விசைகள் இவை. விண்டோஸில் `Windows + Shift + S` திரையின் ஒரு பகுதியைத் தேர்ந்தெடுக்க உதவும். `Windows + PrtSc` முழுத்திரையை எடுத்து `Pictures` கோப்புறைக்குள் உள்ள `Screenshots` கோப்புறையில் சேமிக்கும். உபுண்டுவின் அண்மைப் பதிப்புகளில் `PrtSc` அழுத்தினால் பகுதியைத் தேர்ந்தெடுக்கும் சட்டகம் தோன்றும். பெரும்பாலான ஆண்ட்ராய்டு கைபேசிகளில் ஒலியளவைக் குறைக்கும் பொத்தானையும் மின்பொத்தானையும் ஒருசேர அழுத்த வேண்டும்.

கடைசியாக, உரையை ஒருமுறை சத்தமாகச் சொல்லிப் பார்த்து, செய்து காட்டும் நேரத்தையும் சேர்த்து அளந்துகொள்ள வேண்டும். 15 நிமிடத்தைத் தாண்டினால் முதலில் குறைக்க வேண்டியது ஆய்வுகளைப் பற்றிய பேச்சு. அடுத்து, அளவு பற்றிய கணக்கைத் தாளுக்கு மாற்றிவிடலாம். பிழையான தாளைப் பங்கேற்பாளர்கள் பயன்படுத்தும் 3 நிமிடத்தை மட்டும் குறைக்கக் கூடாது. மாணவர் எங்கே நின்றுவிடுவார் என்பதை ஆசிரியர் அந்த 3 நிமிடத்தில்தான் தாமே நின்று பார்த்து அறிகிறார்.